படத்தை வைத்துப் பயறு கண்டுபிடிப்பது: நிறத்துக்கு முன்னால் தழும்பைப் பாருங்கள்

நண்பர் ஒருவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். வெள்ளைத் தாளில் ஒரு பிடி சின்ன விதைகள். கூடவே ஒரு கேள்வி: "அண்ணே, பழைய டப்பாவில் கிடந்தது. கறுப்புப் பாசிப்பயறு என்று மேலே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எனக்கென்னவோ உளுந்து மாதிரித் தெரிகிறது. எது சரி?"

விதைகள் கரும்பச்சையாக இருந்தன. சிலவற்றில் பழுப்பு கலந்திருந்தது. நிறத்தை மட்டும் பார்த்தால் இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படும். இந்தக் கேள்விக்குக் கடைசியில் விடை சொல்கிறேன். எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற வரிசை தெரிந்துவிட்டால் அந்த விடைக்கு நீங்களே வந்துவிடலாம்.

நிறம் ஏன் கைவிடுகிறது

உளுந்து கறுப்பு, பாசிப்பயறு பச்சை, துவரை செம்பழுப்பு. பெரும்பாலும் இது உண்மைதான். ஆனால் உளுந்திலேயே பச்சைத் தோல் உள்ள ரகங்கள் இருக்கின்றன. பாசிப்பயற்றில் மஞ்சள், பழுப்பு, கறுப்புத் தோல்கள் உண்டு. துவரையில் வெள்ளை, சந்தன நிறம், சிவப்பு, ஊதா கலந்த கறுப்பு, புள்ளி போட்டது என்று எல்லாம் வரும். தட்டைப்பயறு, அதாவது காராமணி, அதைவிட மோசம்: வெள்ளை, செம்மண் நிறம், கறுப்பு, பாதி வெள்ளை பாதி சிவப்பு என எல்லா வேஷமும் போடும்.

இது போதாதென்று வயதும் சேர்ந்துகொள்ளும். வெளிர் நிறத் தோல் உள்ள விதைகள் வருஷக்கணக்கில் இருந்தால் பழுப்பேறும். பளிச்சென்ற பச்சைப்பயறு மங்கி மண் நிறத்துக்குப் போகும். அப்புறம் கேமரா. மஞ்சள் பல்பின் கீழ் எடுத்த படத்தில் பச்சைத் தோல் பழுப்பாகத் தெரியும். நிழலில் எடுத்தால் கரும்பச்சைக்கும் கறுப்புக்கும் வித்தியாசமே இருக்காது. அதனால் நிறத்தை நான் கடைசிச் சாட்சியாகத்தான் கூப்பிடுவேன்.

பெயரும் சாட்சி ஆகாது. உளுந்தின் அறிவியல் பெயர் விக்னா முங்கோ. பாசிப்பயற்றின் அறிவியல் பெயர் விக்னா ரேடியேட்டா. ஆனால் 'மூங்' என்று இந்தியில் சொல்வது பாசிப்பயற்றை! 1767இல் தாவரவியலாளர் லின்னேயஸ் 'முங்கோ' என்று பெயர் வைத்த செடி உளுந்து. அந்தக் குழப்பம் இன்றுவரை படங்களின் தலைப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. 'முங்கோ' என்று போட்டு உளுந்துக்குப் பதில் பாசிப்பயற்றைக் காட்டும் படங்கள் நிறைய உண்டு. ஆகவே படத்தின் கீழே என்ன எழுதியிருந்தாலும் விதையைப் பார்த்த பிறகே அதைப் படியுங்கள்.

தழும்பு என்பது எது

விதை காய்க்குள் இருக்கும்போது ஒரு சின்னக் காம்பால் காயின் சுவரோடு ஒட்டியிருக்கும். முற்றி உதிரும்போது அந்தக் காம்பு விட்டுப்போன இடம் விதையில் வடுவாக நிற்கும். அதுதான் தழும்பு. சிலர் கண் என்பார்கள். பயறு வகை எல்லாவற்றிலும் அது உண்டு, ஒரு விதையில் ஒன்றுதான் உண்டு, விதையின் ஓரத்தில்தான் இருக்கும். தோலின் நிறம் ரகத்துக்கு ரகம் மாறினாலும் தழும்பின் வடிவம் அந்த இனத்துக்குள் அவ்வளவாக மாறாது. அதனால்தான் அடையாளத்துக்கு அது இவ்வளவு உதவுகிறது.

தழும்பில் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். எவ்வளவு நீளம், விதையின் நீளத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு? தோலின் மட்டத்தோடு சமமாக இருக்கிறதா, மேலே எழும்பி நிற்கிறதா? சுற்றிலும் வேறு நிறத்தில் வளையம் இருக்கிறதா? விதையின் எந்தப் பக்கத்தில், குழிவான பக்கத்திலா, நேரான பக்கத்திலா? இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அடுத்த விதைக்குப் போனால் பாதி வேலை முடிந்தது.

படம் எப்படி இருந்தால் விடை கிடைக்கும்

குவியலாகக் கொட்டி மேலிருந்து எடுத்த படம் அழகாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் பயன்படாது. விதைகள் தட்டையான பக்கத்தைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும். தழும்பு கீழேயோ பக்கத்து விதையின் நிழலிலோ மறைந்துவிடும். படம் நீங்களே எடுப்பதாக இருந்தால், அல்லது எடுத்து அனுப்பச் சொல்வதாக இருந்தால், இப்படிச் செய்யுங்கள்.

பளபளப்பில்லாத வெளிர் சாம்பல் தாள் ஒன்றை விரியுங்கள். வெள்ளைத் தாளும் ஆகும், ஆனால் வெள்ளைத் தழும்பு அதில் கொஞ்சம் மங்கிப் போகும். முப்பது நாற்பது விதைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். பக்கத்திலேயே மில்லிமீட்டர் கோடு போட்ட அளவுகோல் ஒன்றை, விதைகள் இருக்கும் அதே மட்டத்தில் வையுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. அளவு தெரியாத படத்தில் நெருங்கி எடுத்த பாசிப்பயறும் தள்ளி எடுத்த துவரையும் ஒரே மாதிரி நிற்கும்.

வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக வர வேண்டும். ஜன்னலோரம் போதும். பக்க வெளிச்சத்தில்தான் எழும்பிய தழும்பின் விளிம்பு ஒரு சின்ன நிழல் விழுத்தும். அந்த நிழல்தான் நமக்கு வேண்டியது. ஃபிளாஷ் போட்டால் நிழல் அழிந்துவிடும். கூடவே பளபளப்பான தோலில் வெள்ளைப் பொட்டு ஒன்று விழும். அந்தப் பொட்டைத் தழும்பென்று எண்ணி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லா விதையிலும் ஒரே இடத்தில், ஒரே திசையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் அது வெளிச்சம். தழும்பு என்றால் விதை உருண்டு கிடக்கும் விதத்துக்கு ஏற்ப இடம் மாறி மாறித் தெரியும்.

ஃபோனை விதையின் மேல் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு சாண் தூரத்தில் வைத்து இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் ஓரங்கள் கோணாமல், கூர்மையாகக் கிடைக்கும்.

இரண்டாவது படம்தான் முக்கியமானது. களிமண்ணையோ பிசைந்த மாவையோ பட்டையாகத் தட்டி, பத்து விதைகளைத் தழும்பு மேலே பார்க்கும்படி வரிசையாகக் குத்தி வையுங்கள். அதை நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் கண் மட்டத்திலிருந்து ஒன்று என இரண்டாக எடுங்கள். பக்கவாட்டுப் படத்தில் தழும்பு கூரை மேடு மாதிரி எழும்பியிருக்கிறதா இல்லையா என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும்.

உடைந்த விதை ஒன்றிரண்டு இருந்தால் அதையும் தூக்கிப் போடாமல் படத்தில் சேருங்கள். உள்ளே இருக்கும் பருப்பின் நிறம் தோலின் நிறத்தைவிடப் பல மடங்கு நம்பகமானது.

உளுந்தும் பாசிப்பயறும்

அதிகம் குழப்புகிற ஜோடி இதுதான். இரண்டும் விக்னா என்ற ஒரே பேரினத்து நெருங்கிய உறவு. அளவும் ஏறக்குறைய ஒன்று: உளுந்து 4 முதல் 5 மில்லிமீட்டர் நீளம், பாசிப்பயறும் அந்த வாக்கில்தான், சின்ன ரகங்கள் கொஞ்சம் குறைவாக வரும். ஆக அளவுகோல் இந்த ஜோடியைப் பிரிக்காது. தழும்பு பிரித்துவிடும்.

உளுந்தின் தழும்பை ஒருமுறை நெருக்கமாகப் பார்த்தால் மறக்கவே முடியாது. வெள்ளையாக, நீளவாட்டில், விதையின் நீளத்தில் கிட்டத்தட்டப் பாதிக்கு ஓடும். இரண்டு பக்கமும் விளிம்பு உதடு மாதிரி மேலே எழும்பியிருக்கும், நடுவே வாய்க்கால் போலக் குழிந்திருக்கும். கறுப்புத் தோலில் அது சோக்கட்டியால் இழுத்த கோடு போலப் பளிச்சென்று நிற்கும். பச்சைத் தோல் உளுந்திலும் அதே மேடு, அதே குழி. விரல் நுனியால் தடவினால்கூடச் சின்னத் தடுப்பு உணரலாம். பக்கவாட்டுப் படத்தில் விதையின் வளைவுக்கு மேலே ஒரு சின்னத் திட்டு துருத்தும்.

பாசிப்பயற்றின் தழும்பும் வெள்ளைதான். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள்: 'வெள்ளைத் தழும்பு இருக்கிறது, ஆகவே உளுந்து' என்று முடித்துவிடுகிறார்கள். நிறத்தை விட்டுவிட்டு மட்டத்தைப் பாருங்கள். பாசிப்பயற்றில் தழும்பு குட்டையாக, தோலின் மட்டத்திலேயே படிந்திருக்கும். உதடு கிடையாது, வாய்க்கால் கிடையாது. பக்கவாட்டில் பார்த்தால் விதையின் ஓரக்கோடு உடையாமல் ஓடும்.

இரண்டாவது அடையாளம் உடல்வாகு. உளுந்தின் இரண்டு முனைகளும் வெட்டிவிட்டது போலச் சற்றுச் சதுரமாக இருக்கும். குட்டையான பீப்பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாசிப்பயறு முனைகள் உருண்டு, உருண்டைக்கும் நீள்வட்டத்துக்கும் நடுவில் நிற்கும். ஆனால் காய்க்குள் நெருக்கியடித்து வளர்ந்த பாசிப்பயறும் முனை தட்டையாகி வரும். ஆகவே ஒரே ஒரு விதையை வைத்து இதைச் சொல்லாதீர்கள். முப்பதில் பெரும்பான்மை எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது மேற்பரப்பு. பாசிப்பயற்றின் தோலை நன்றாகப் பெரிதாக்கினால் மெல்லிய அலை அலையான வரிகள் தெரியும், கைரேகை மாதிரி. படம் கூர்மையாக இருந்தால் மட்டும்தான் இது கிடைக்கும். இன்னொரு நுணுக்கம்: பாசிப்பயற்றில் பளபளப்பானவையும் மங்கலானவையும் உண்டு. அந்த மங்கல், காயின் உட்சுவரிலிருந்து விதையின் மேல் படிந்த மெல்லிய படலம். தேய்த்தால் அது விலகி உள்ளே பளபளப்பு தெரியும். அதனால் ஒரே குவியலில் பாதி மினுங்கி, பாதி மங்கிக் கிடந்தால் அதை வைத்தே இரண்டு வகை கலந்திருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் தயங்கினால் உள்ளே பாருங்கள். உளுந்தின் பருப்பு வெள்ளை, கொஞ்சம் பால் நிறம். பாசிப்பயற்றின் பருப்பு மஞ்சள். தோல் கறுப்போ பச்சையோ, இந்த வித்தியாசம் நிற்கும். நாலைந்து விதைகளைச் சில மணி நேரம் ஊறவைத்துத் தோலை நெகிழ்த்தி, பருப்பைத் தாளில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்தால் போதும். ஊறிய உளுந்தை விரலிடுக்கில் நசுக்கினால் வழவழவென்று வரும், பாசிப்பயறு அப்படி வழவழக்காது. இது படத்தில் தெரியாது, ஆனால் விதை கையில் இருப்பவரிடம் கேட்கலாம்.

துவரை, தட்டைப்பயறு, கொள்ளு

இந்த மூன்றும் பழுப்பு நிறத்தில் வரும்போது ஒன்றையொன்று மாற்றிச் சொல்லிவிடுவது சகஜம். இங்கே அளவும் கனமும் நன்றாக உதவும்.

துவரை 5 முதல் 8 மில்லிமீட்டர் வரை இருக்கும். உருண்டை, அல்லது மூலைகள் மழுங்கிய சதுரம். எந்தப் பக்கம் புரட்டினாலும் தடிமனாக, பருத்துத் தெரியும். தழும்பு சின்னது, நீள்வட்டம், வெள்ளை. விதையின் ஓரத்தில் அடக்கமாக இருக்கும். சில ரகங்களில் தழும்பைச் சுற்றித் தோல் கொஞ்சம் கருத்திருக்கும். தழும்பு உட்கார்ந்திருக்கும் பக்கம் குழிவாக வளையாது என்பதை மனத்தில் வையுங்கள். அதுதான் தட்டைப்பயற்றிலிருந்து பிரிக்கும் முக்கியமான குறிப்பு.

தட்டைப்பயற்றில் விதை சிறுநீரக வடிவத்துக்குச் சாயும். ஒரு பக்கம் முதுகு, மறுபக்கம் உள்வளைவு. அந்த உள்வளைவில்தான் தழும்பு இருக்கும். நீள்வட்டமாக, வெள்ளைத் திசு மூடியபடி, சுற்றிலும் கருமையான விளிம்போடு. வெள்ளைக் காராமணியில் அந்த விளிம்பு இன்னும் பரவி, மை தீட்டிய கண் மாதிரி கறுப்புத் திட்டாக நிற்கும். ஆனால் எல்லாத் தட்டைப்பயற்றிலும் அந்தக் கறுப்புத் திட்டு இருக்கும் என்று நினைக்காதீர்கள். சிவப்புத் தட்டைப்பயற்றில் கறுப்புத் திட்டு இல்லாமலும் இருக்கும், மெல்லிய விளிம்பு மட்டும் தெரியும். அதனால் திட்டைத் தேடாமல் உள்வளைவைத் தேடுங்கள். தட்டைப்பயறு பெரும்பாலும் துவரையைவிட நீளமானது. நீளத்தை அகலத்தால் வகுத்துப் பார்த்தால் துவரை ஒன்றை ஒட்டி நிற்கும், தட்டைப்பயறு அதைத் தாண்டிப் போகும்.

உடைந்தால் இன்னும் சுலபம். துவரையின் பருப்பு நல்ல மஞ்சள், தட்டைப்பயற்றின் பருப்பு வெளிர். சிவப்புத் தோல் விதை ஒன்று உடைந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது துவரை இல்லை.

கொள்ளு, சில பக்கங்களில் காணம், தட்டையானது. மேலிருந்து எடுத்த படத்தில் அது ஏமாற்றும், ஏனென்றால் 4 முதல் 6 மில்லிமீட்டர் நீளத்தில் சின்னத் தட்டைப்பயறு மாதிரியே கிடக்கும். ஓரமாக நிறுத்தி எடுத்தால் குட்டு உடைந்துவிடும். அமுக்கிவிட்டது போல ஒல்லியாக இருக்கும். வடிவம் ஒழுங்கில்லாத நாற்கோணம், கொஞ்சம் வளைந்தது. தழும்பு ஓரத்தின் நடுவில், சின்னதாக, கண்ணை உறுத்தாமல் இருக்கும். நிறம் வைக்கோல் பழுப்பிலிருந்து கறுப்புவரை, பல விதைகளில் பொடிப்புள்ளி. படம் மேலிருந்து மட்டும் இருந்தால் நிழலின் அகலத்தைப் பாருங்கள். பக்க வெளிச்சத்தில் துவரை விழுத்தும் நிழல் அகலமானது, கொள்ளின் நிழல் நூல் மாதிரி.

பார்த்தவுடன் சொல்லிவிடக்கூடியவை

மீதியில் பலவற்றுக்கு இவ்வளவு பாடு இல்லை. மொச்சை, அவரை விதைகளில் தழும்பின் மேல் நீளமான வெள்ளைக் கொண்டை ஒன்று ஓரமெல்லாம் ஓடும், விதையின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு மாதிரி. வேறு எந்தப் பயற்றிலும் அப்படி இல்லை. கொண்டைக்கடலைக்கு ஒரு முனையில் கிளிமூக்கு மாதிரி அலகு உண்டு. சின்னக் கறுப்புக் கடலையானாலும் பெரிய வெள்ளைக் கடலையானாலும் அது இருக்கும். பட்டாணி உருண்டை, அலகு கிடையாது. மைசூர்ப் பருப்பின் முழு விதை லென்ஸ் வடிவத் தட்டு, சுற்றிலும் ஓரம் மெலிந்திருக்கும். லென்ஸ் என்ற சொல்லே அந்த விதையின் லத்தீன் பெயரிலிருந்து வந்ததுதான்.

ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும்: கேசரிப் பருப்பு. அதன் முழு விதை கோடரித் தலை மாதிரி ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் சரிந்திருக்கும், சாம்பல் பழுப்பு நிறத்தில் புள்ளி போட்டிருக்கும். முழு விதையாக இருந்தால் துவரையோடு குழம்ப வாய்ப்பில்லை. உடைத்துத் தோல் நீக்கினால் கதை வேறு. துவரம் பருப்பின் பாதி வட்டமாக இருக்கும். கேசரியின் பாதியில் கோணமும் சரிவும் இருக்கும். நிறம் இரண்டிலும் மஞ்சள். அதைத் தொடர்ந்து நிறையச் சாப்பிட்டால் கால்கள் முடங்கும் நோய் வருவது தெரிந்த விஷயம். ஆகவே உடைத்த பருப்பில் அது கலந்திருக்கிறதா என்ற கேள்விக்குப் படத்தை வைத்து 'இல்லை' என்று யாருக்கும் சொல்லாதீர்கள். கோணலான துண்டுகள் தெரிகின்றன, சோதனைக்குக் கொடுங்கள் என்று சொல்லலாம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தழும்பு போலத் தெரியும் முட்டை

படத்தில் பயறு பார்க்கப் பழகிய பிறகும் நான் ஒருமுறை தவறியது இதில்தான். கறுத்த விதையில் வெள்ளைப் பொட்டு இருந்தது, உளுந்து என்று சொல்லிவிட்டேன். அப்புறம் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரே விதையில் மூன்று பொட்டு!

பயறு வண்டு விதையின் தோலின் மேல் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். காய்ந்த முட்டை வெள்ளையான நீள்வட்டப் புள்ளியாகத் தெரியும், தழும்பின் ஜாடை அப்படியே இருக்கும். பிரிப்பதற்கு வழி சுலபம். தழும்பு ஒன்றுதான், ஓரத்தில்தான். முட்டை எங்கே வேண்டுமானாலும் இருக்கும், முதுகிலும் வயிற்றிலும், ஒன்றுக்கு மேற்பட்டும். பக்கத்திலேயே வட்டமாக, துளைக்கருவியால் போட்டது போல ஓட்டை உள்ள விதைகள் கிடந்தால் வண்டு வேலை நடந்திருக்கிறது என்று உறுதி. அந்தப் படத்தில் வெள்ளைப் பொட்டு எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

இனி அந்தக் கரும்பச்சை விதைகள்

நண்பர் அனுப்பிய முதல் படத்தில் அளவுகோல் இல்லை, வெளிச்சம் நேர் மேலிருந்து. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று எழுதி, மேலே சொன்ன மாதிரி இன்னொன்று எடுத்து அனுப்பச் சொன்னேன். அன்று மாலையே வந்தது.

முதல் வேலை அளவு. படத்தைத் திரையில் திறந்து அளவுகோலில் 10 மில்லிமீட்டர் எத்தனை பிக்சல் என்று பார்த்தேன்: 240. அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்கு 24 பிக்சல். ஒரு நடுத்தர விதையின் நீளம் 108 பிக்சல், அகலம் 86. வகுத்தால் நீளம் 4.5 மில்லிமீட்டர், அகலம் 3.6. இன்னும் ஐந்து விதைகளை அளந்தேன், எல்லாம் இதை ஒட்டியே வந்தன. துவரைக்கு இது சின்னது. தட்டைப்பயற்றுக்கும் சின்னது, உள்வளைவும் இல்லை. நிழல் தடிமனாக விழுந்திருந்ததால் கொள்ளும் இல்லை. மிஞ்சியது உளுந்தும் பாசிப்பயறும்.

அடுத்தது தழும்பு. பரப்பி எடுத்த படத்தில் 31 விதைகள் இருந்தன. அவற்றில் தழும்பு தெளிவாகத் தெரிந்தது 9இல் மட்டும். மற்றவை குப்புறக் கிடந்தன. அந்த 9ஐயும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினேன். 7இல் தழும்பு நீளம், விளிம்பு எழும்பி வலப்பக்கம் மெல்லிய நிழல் விழுந்திருந்தது, ஏனென்றால் ஜன்னல் இடப்பக்கம். இரண்டில் நிழலே இல்லை. தழும்பு குட்டை, தோலோடு தோலாகப் படிந்திருந்தது.

இங்கே ஒரு சபலம் வரும். 9இல் 7 ஒரு பக்கம், மீதி இரண்டும் படம் சரியாக விழாததால் அப்படித் தெரிகிறது என்று எழுதிவிடலாம். நான் அந்த இரண்டு விதைகளின் முனையைத் திரும்பப் பார்த்தேன். இரண்டும் உருண்டவை. மற்ற ஏழும் பீப்பாய். இரண்டு அடையாளமும் ஒரே பக்கம் சாய்ந்தபோது, வெளிச்சத்தின் மேல் பழி போட இடமில்லை. டப்பாவில் இரண்டு வகை கலந்திருக்க வேண்டும்.

நண்பரிடம் சொன்னேன்: "தழும்பு மேடாக உள்ளதில் ஐந்தும், மேடு இல்லாததில் ஐந்தும் பொறுக்கித் தனித்தனிக் கிண்ணத்தில் ஊறவையுங்கள். தோலை எடுத்துவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுங்கள்." விரலால் தடவிப் பொறுக்கினேன் என்றார். மறுநாள் காலை வந்த படத்தில் ஒரு கிண்ணத்தின் ஐந்தும் பால் வெள்ளை. அடுத்த கிண்ணத்தில் நாலு மஞ்சள், ஒன்று வெள்ளை. அந்த ஒன்று பொறுக்கும்போது கை தவறிப் போனது.

ஆக டப்பாவில் இருந்ததில் பெரும்பங்கு பச்சைத் தோல் உளுந்து. கூடவே வயதாகிக் கருத்துப்போன பாசிப்பயறு கொஞ்சம். ஒட்டியிருந்த சீட்டும் முழுப் பொய்யில்லை, நண்பரின் சந்தேகமும் சரி. எத்தனை சதவீதம் எது என்று கேட்டார். 9 விதைகளை வைத்து அதைச் சொல்லக் கூடாது. தழும்பு மேலே பார்க்க நூறு விதைகளையாவது நிறுத்தி எண்ணினால் சொல்லலாம்.

என்ன ரகம் என்றும் கேட்டார். அது படத்தில் கிடைக்காது. விதைப் படம் இனத்தைச் சொல்லும். ரகத்தையோ, முளைக்குமா முளைக்காதா என்பதையோ சொல்லாது. தழும்பு தேய்ந்துபோன, தோல் உரிந்த விதைகளில் இனமே கூட நிச்சயமாகாது.

அந்த மாதிரி நேரத்தில் முளைக்கவைத்துப் பாருங்கள். துவரையா தட்டைப்பயறா என்ற சந்தேகம் முளையில் தீர்ந்துவிடும்: தட்டைப்பயறு தன் இரண்டு பருப்பையும் மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வரும், துவரை பருப்பை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுத் தண்டை மட்டும் அனுப்பும். உளுந்தும் பாசிப்பயறும் இரண்டுமே தூக்கிக்கொண்டு வருவதால் இந்தச் சோதனை அவற்றுக்கு ஆகாது. காய் வரும்வரை பொறுக்க வேண்டும். உளுந்தின் காய் நிமிர்ந்து நிற்கும், நீள நீளமான முடி அடர்ந்திருக்கும். பாசிப்பயற்றின் காய் விரிந்தோ தொங்கியோ இருக்கும், முடி குட்டை. நண்பர் இரண்டு கிண்ணத்து வகையிலும் பத்துப் பத்து விதைகளைத் தனித்தனித் தொட்டியில் ஊன்றியிருக்கிறார்.